விலகும் டெஸ்டர் எழுதும் கடிதம்

குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் குடிபெயரும் மென்பொருள் டெஸ்டரின் ராஜினாமாக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. விலகும் முடிவு, கடைசி வேலை நாள், காரணம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வரி போதும். நிதானமாக யோசித்து எழுத வேண்டியது நான்காவது செய்தி: பொறுப்பை எப்படி, எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பது என்பது.

சென்னையில் பணப் பரிமாற்றச் செயலி ஒன்றைச் சோதிக்கும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு ஜெர்மனியின் மியூனிக் நகரில் வேலை. பிள்ளைகளுக்கு அங்கே செப்டம்பரில் பள்ளி திறக்கிறது. அவருடைய நோட்டீஸ் காலம் 60 நாள். ஜூன் 2 அன்று கடிதம் கொடுத்து மறுநாளிலிருந்து எண்ணினால், ஆகஸ்ட் 1 கடைசி நாள். ‘விசா கிடைத்ததும் விலகுகிறேன்’ என்று எழுதினால் நோட்டீஸ் எந்த நாளில் தொடங்குகிறது என்பதே குழப்பமாகிவிடும். கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுவதும் பெரும்பாலும் நிறுவனத்தின் சம்மதத்தைப் பொறுத்தது. ஆகவே விசா கைக்கு வந்தபின் கடிதம் கொடுப்பதே பாதுகாப்பு.

கடிதம் இப்படி அமையலாம்:

“குடும்பத்துடன் ஜெர்மனியில் குடியேறுவதால் பணியிலிருந்து விலகுகிறேன். ஆகஸ்ட் 1 என் கடைசி வேலை நாள். ஜூன் மாத வெளியீட்டை நான் சோதிக்கும்போது, என் பொறுப்பை ஏற்பவர் உடனிருக்கட்டும். ஜூலை வெளியீட்டை அவர் சோதிக்க, நான் உடனிருக்கிறேன். இதற்காக ஜூன் 9-க்குள் அவரை நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இந்தக் கடிதத்தின் பலம் இரண்டு வெளியீடுகளைக் கணக்கில் கொண்டதில் இருக்கிறது. ‘முழு ஒத்துழைப்புத் தருவேன்’ என்று எல்லோரும் எழுதுவார்கள். அதை வைத்து மேலாளரால் எதையும் திட்டமிட முடியாது. மாதம் ஒரு வெளியீடு என்றால் 60 நாளில் கிடைப்பது இரண்டே வாய்ப்புகள். முதல் வெளியீட்டுக்குள் புதியவர் வராவிட்டால் பாதி வாய்ப்பு போய்விடும். நியமனத்துக்குத் தேதி கேட்பது அதனால்தான். கேட்பதில் தயக்கம் வேண்டாம். அந்தத் தேதி தவறினால், ஜூன் வெளியீட்டுச் சோதனையைத் திரைப்பதிவாக எடுத்து வைப்பது அடுத்த வழி. நேரில் பார்ப்பதற்கு அது முழு ஈடாகாது.

ஐ.டி. அலுவலகங்களில் இதைக் ‘கே.டி.’ என்பார்கள். புதியவர் செய்துகாட்ட, பழையவர் கவனிப்பது ‘ரிவர்ஸ் கே.டி.’ டெஸ்டருக்கு இரண்டாவதுதான் முக்கியம். டெஸ்ட் கேஸ்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். ஒரு தோல்வியை எப்படிப் புரிந்துகொள்வது என்பது அவற்றில் இருக்காது. நள்ளிரவு கடந்து 1 மணிக்கு ஓடும் தானியங்கிச் சோதனையில் ‘இன்றைய பரிவர்த்தனைப் பட்டியல்’ தினமும் தோற்கிறது, காலை 9 மணிக்கு ஓட்டினால் தேறிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வர் உலகப் பொது நேரத்தில் இயங்குகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகவே இங்கே நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை சர்வருக்கு அது இன்னும் நேற்றைய தேதிதான். பழகியவருக்கு இது தெரியும். புதியவர் இரண்டு நாள் காரணம் தேடி அலைவார். அல்லது ‘இது எப்போதும் தோற்பதுதானே’ என்று பழகிப்போய், ஒருநாள் காலையிலும் வரும் உண்மையான தோல்வியைத் தவற விடுவார். எந்தச் சோதனை எப்போது, ஏன் தோற்கும், எப்போது அதை நம்ப வேண்டும் என்ற குறிப்பை எழுதிவைப்பது ஒப்படைப்பின் முதல் வேலை.

அடுத்தது, அவர் பெயரில் கட்டுண்டு கிடப்பவை. இரவுச் சோதனை அவருடைய தனிக் கணக்கின் அனுமதியில் ஓடினால், ஆகஸ்டில் கணக்கு மூடப்பட்டதும் அது நின்றுவிடும். ஓ.டி.பி. வரும் சோதனை எண் அவருடைய சிம்மாக இருந்தால் உள்நுழைவுச் சோதனையே நடக்காது. அவர் பதிவு செய்த பிழைகள் சரிசெய்யப்பட்டபின், மறுசோதனைக்கு அவர் பெயருக்கே திரும்பி வந்து தேங்கும். இவற்றையெல்லாம் ஜூலை நடுவிலேயே மாற்றிவிட்டு, அவருடைய அனுமதிகளைச் சில நாள் நிறுத்திப் பார்ப்பது நல்லது. விடுபட்டது எதுவானாலும், அவர் பக்கத்து இருக்கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

போன பிறகும் உதவ விரும்பினால் அதற்கும் கடிதத்தில் எல்லை சொல்ல வேண்டும். ‘ஆகஸ்ட் 15 வரை மின்னஞ்சலில் கேட்கும் சந்தேகங்களுக்கு நினைவிலிருந்து பதில் சொல்வேன்’ என்பது சரியான அளவு. மடிக்கணினியையும் அனுமதிகளையும் ஒப்படைத்தவர் சோதனையை ஓட்டிப் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் தரவு உள்ள திரைப்படங்களை அவருக்கு அனுப்பவும் கூடாது.