“என்னைப் பற்றி நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன்!” - தோழியிடம் சண்டையில்லாமல் பேசுவது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூரில் 12 பேர் கொண்ட ஒரு மகளிர் சுய உதவிக் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வங்கிக் கடனுக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் மாதத் தவணை. வெள்ளிக்கிழமை மாலை வசூலான 18,000 ரூபாய், குழுவின் பிரதிநிதி வீட்டில் இருக்கிறது. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, அடுத்து ஞாயிறு, திங்கள் அரசு விடுமுறை. செவ்வாய்க்கிழமைதான் வங்கியில் கட்ட முடிந்தது.

இதற்கிடையில் ராஜபாளையத்தில் இருக்கும் பள்ளித் தோழியிடம் போனில் பேசும்போது, “குழுப் பணம் வீட்லதான் இருக்கு. பையனுக்கு பீஸ் வேற கட்டியாச்சு” என்று சொல்லியிருக்கிறார். தோழி இரண்டையும் முடிச்சுப் போட்டு, அதே குழுவில் இருக்கும் தன் நாத்தனாரிடம் சொல்லிவிட்டார். இப்போது மூன்று பேர் அடுத்த தவணையைத் தரத் தயங்குகிறார்கள். அவர்கள் தராவிட்டால் வங்கியில் மொத்தக் குழுவின் பெயரும் கெடும்.

சிலர் மட்டும் முணுமுணுப்பதை ‘அம்பல்’ என்றும், ஊரே பேசுவதை ‘அலர்’ என்றும் நம் பழைய இலக்கணம் பிரித்துச் சொல்கிறது. தோழியிடம் பேசவேண்டியது அம்பலாக இருக்கும்போதே!

வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டாம். கோபத்தில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் நாலு பேருக்கு ஃபார்வேர்டு ஆகி, அதுவே புது வதந்தியாகும். அரை மணி நேரம் பஸ்ஸில் போய், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் நேரில் பேசலாம். வங்கியில் பணம் கட்டிய சலானைக் கையோடு எடுத்துப் போங்கள்.

“குழுப் பணத்தை எடுத்து பீஸ் கட்டிட்டேன்னு நீ சொன்னதா கேள்விப்பட்டேன். அப்படி நடக்கல. லீவு முடிஞ்சு செவ்வாய்க்கிழமை கட்டிட்டேன், இந்தா சலான். இப்போ மூணு பேர் தவணை தர யோசிக்கிறாங்க. இனிமே இதை யார்கிட்டயும் சொல்லாத. ஏற்கெனவே சொன்னவங்ககிட்ட, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு நீயே சொல்லிடு.”

இவ்வளவுதான். கேட்டது, நடந்தது, அதனால் வந்த சிக்கல், உங்கள் வேண்டுகோள். ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்று பழைய கதையை இழுத்தால், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

“யார் சொன்னா?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வரும். பெயரைச் சொன்னால் சண்டை அங்கே மாறிவிடும். “அது முக்கியமில்ல. நீ சொல்லலைன்னா சந்தோஷம். யாராவது கேட்டா உண்மையைச் சொல்லு, போதும்” என்று முடித்துவிடுங்கள். போலீஸ், பஞ்சாயத்து என்று மிரட்டினால், ‘மடியில் கனம் இருக்கு போல’ என்ற பேச்சுதான் கிளம்பும்.

தோழி மறுத்தாலும் கவலை வேண்டாம். நாத்தனார் வழக்கம்போலத் தவணையைக் கொண்டுவந்தால், பேச்சு திருத்தப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்த குழுக் கூட்டத்தில் பாஸ்புக்கை எல்லோருக்கும் காட்டி, தீர்மானப் புத்தகத்திலும் எழுதிவிடுங்கள். யார் சொன்னது என்ற பேச்சே அங்கே வேண்டாம்.

அதன் பிறகும் அதே பேச்சு தொடர்ந்தால்? நட்பை முறிக்க வேண்டியதில்லை. பணக் கணக்கை மட்டும் அந்தத் தோழியிடம் பேசாதீர்கள்.