தகவல் துளி: அத்தானை ஆங்கிலத்தில் எப்படிக் கூப்பிடுவது?

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா. வளையல் கடை முன்னே காத்து நிற்கிறாள் ஒரு பெண். தாமதமாக வரும் அத்தை மகனைப் பார்த்ததும், "என்ன அத்தான், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்கிறாள்.

இதை ஆங்கிலத்தில் எழுதும்போது அத்தானை 'கசின்' என்று போட்டால் காதல் போய்விடும். அங்கே கசின் பெரும்பாலும் உடன்பிறந்தவர் போல. 'பிரதர் இன் லா' என்றாலோ அக்காள் கணவரிடம் பேசுகிறாள் என்று ஆகிவிடும். நம்மிடம் அத்தை மகனும் மாமன் மகனும் கட்டிக்கொள்ளும் முறை. திராவிட உறவுச்சொற்களுக்குள் இந்தத் திருமண முறையே பொதிந்திருப்பதை, பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1953-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

அவள் கேலியில் இரண்டு உண்டு: பொய் மரியாதை, முறை உரிமை. மரியாதையை, "வெல், யுவர் லார்ட்ஷிப், ஃபவுண்ட் யுவர் வே அட் லாஸ்ட்?" என்று கொண்டுவரலாம். உரிமை அதில் வராது. ஆகவே, 'இவன் அவளுக்கு முறை மாப்பிள்ளை' என்று கதையில் முன்பே ஒரு வரி சொல்லிவிட வேண்டும். அதன்பின் 'அத்தான்' என்றே விட்டாலும் வாசகருக்குப் புரியும்.

ஒரு கவனம்: 'மச்சான்' என்று ஓர் இளைஞன் நண்பனைக் கூப்பிட்டால் அது வெறும் 'மேட்'. அதையே முறைப்பெண் சொன்னால் சேதி வேறு. யார் யாரிடம் சொல்கிறார் என்று பார்த்த பிறகே மொழிபெயர்க்க வேண்டும்.