வேலை ஏறினால் அணையும் கணினி

இணையம் பார்த்தால் நாள் முழுக்க ஓடும். வீடியோ எக்ஸ்போர்ட் கொடுத்தால் பட்டென்று அணையும். தம்பியின் கணினி இரண்டு வாரம் இப்படிப் படுத்தியது. விண்டோஸின் Event Viewer-இல் Kernel-Power 41 என்று மட்டும் இருந்தது. முறையாக நிறுத்தப்படாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது காரணம் எதையும் சொல்லாது.

அணைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனித்தோம். சூடுதான் காரணமென்றால் பெரும்பாலும் சில நிமிடமாவது பிடிக்கும். விசிறி இரையும், வேகம் குறையும், பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும். இங்கே 65 டிகிரியிலேயே, 10 விநாடிக்குள் அணைந்தது.

மிச்சம் இரண்டு சந்தேகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினோம். கிராபிக்ஸ் கார்டின் 8 பின் கனெக்டர் ஒரு ஓரம் தூக்கியிருந்தது, நல்லவேளை, கருகவில்லை. 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்தினோம். அப்பாடா என்று நினைத்தால், மறுபடி அணைந்தது.

கடைசியில் நண்பரின் 650 வாட் பவர் சப்ளையை அதன் கேபிள்களோடு மாட்டினோம். பழைய கேபிளை அதில் செருகினால் பாகங்கள் எரிந்துபோகலாம். ஒரு மணி நேர எக்ஸ்போர்ட் தடங்கலின்றி முடிந்தது. பழைய சப்ளையைத் திறந்து பார்க்கத் தம்பிக்கு ஆசை. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்று தடுத்துவிட்டேன்.