கணக்கில் வராத தண்ணீர்

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் புரட்டிப் போட்டபோது, வேளச்சேரியில் கட்டட வேலைக்காகத் தோண்டியிருந்த ஆழமான பள்ளம் ஒன்றின் ஓரம் சரிந்தது. ஓரத்தில் நின்றிருந்தவையும் மண்ணோடு சேர்ந்து உள்ளே விழுந்தன. இரண்டு பேர் சிக்கிக்கொண்டார்கள். பள்ளம் முழுக்கத் தண்ணீர். பல நாள் இறைத்த பிறகே உடல்களை மீட்க முடிந்தது.

அது பெரிய பள்ளம். சொந்த வீடு கட்டுகிறவர் தோண்டும் ஐந்தடி, ஆறடி வானத்திலும் மண் இதே விதமாகத்தான் நடந்துகொள்ளும். காய்ந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் சில நாள் நிற்கும், அதைப் பார்த்து ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. மழைநீர் உள்ளே இறங்கியதும் மண்ணின் எடை கூடுகிறது, துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி குறைகிறது. பள்ளத்தின் விளிம்பிலிருந்து ஓரடி, இரண்டடி தள்ளி, விளிம்புக்கு இணையாக மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடும். அதற்குள் தண்ணீர் நிரம்பினால் அதுவே ஆப்பு போல மண்ணைப் பள்ளத்துக்குள் தள்ளும். அந்த வெடிப்பைக் கண்டால் கீழே நிற்கிறவர்களை உடனே மேலே ஏற்றிவிட வேண்டும்.

தோண்டிய மண்ணை விளிம்பிலேயே கொட்டுவது நம் ஊர்ப் பழக்கம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விதி, குறைந்தது ஒன்றரை மீட்டர் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்டச் சொல்கிறது. ஒன்றரை மீட்டரும் அதற்கு மேலும் ஆழமான பள்ளமென்றால் பக்கங்களைப் படிபோல வெட்ட வேண்டும், அல்லது பலகையும் குறுக்குக் கட்டையும் கொடுத்துத் தாங்க வேண்டும். தள்ளிக் கொட்டிய மண்ணையே சுற்றிலும் வரப்பாகக் கட்டிவிட்டால், தெருவிலிருந்தும் பக்கத்து மனையிலிருந்தும் ஓடிவரும் தண்ணீர் உள்ளே வராது. இந்த வரப்பு எவ்வளவு முக்கியம் என்பது கணக்குப் போட்டால் தெரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள பள்ளத்தில் 10 சென்டிமீட்டர் மழை நேராக விழுந்தால் 9,600 லிட்டர், ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர். அதை ஒரு மோட்டார் இறைத்துவிடும். வரப்பில்லாத பள்ளத்துக்குள் தெருத் தண்ணீரும் சேர்ந்துகொண்டால் எந்த மோட்டாராலும் ஈடுகொடுக்க முடியாது.

இறைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. நிரம்பிய பள்ளத்தில் இருக்கும் தண்ணீர், ஊறிய பக்கச் சுவர்களை உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருக்கிறது. மழை விட்டதும் பெரிய மோட்டாரை வைத்து அவசரமாக இறைத்தால் அந்தத் தாங்கல் போய்விடும், மண்ணுக்குள் இருக்கும் நீர் மட்டும் வடியாமல் நிற்கும். வெயில் அடிக்கும் நாளில் பள்ளம் சரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மெதுவாக இறைக்க வேண்டும், இறைத்து முடியும்வரை யாரும் உள்ளே இறங்கக் கூடாது. தண்ணீர் சேர்வதற்கான சிறு குழியை ஃபூட்டிங் வரும் இடத்துக்கு வெளியே, மூலையில் வெட்ட வேண்டும். ஃபூட்டிங்குக்குள்ளேயே வெட்டி, கான்கிரீட் போடும்போதும் மோட்டார் ஓடினால், தண்ணீரோடு சிமென்ட் பாலும் வெளியே போகும்.

அனுபவமுள்ள மேஸ்திரிகள் கடைசி அரையடி மண்ணைத் தோண்டாமல் விட்டுவைப்பார்கள். பிசிசி போடப் போகும் நாள் காலையில்தான் அதை எடுப்பார்கள். முன்பே எடுத்துவிட்டால் இரவு மழையில் அடிமண் சேறாகிவிடும். சேறானால் அதை முழுக்க வழித்தெடுத்து, குறைந்த ஆழத்தைக் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். மண்ணைப் போட்டு மட்டம் செய்தால் கட்டடம் பின்னால் அந்த இடத்தில் இறங்கும்.

பள்ளத்தைப் போலக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தங்கும் தண்ணீர் இன்னொன்று உண்டு. அது எம்-சாண்ட் குவியலுக்குள் இருக்கிறது.

எம்20 கான்கிரீட்டை 1:1½:3 என்ற விகிதத்தில் மிக்சரில் கலக்கும்போது, ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்று இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 456 சொல்கிறது. ஒரு மூட்டைக்குப் போகும் மணல் ஏறத்தாழ 80 கிலோ. இரவெல்லாம் நனைந்த குவியலில் 5 சதவீதம் ஈரம் இருந்தால், அந்த மணல் தன்னோடு நான்கு லிட்டர் தண்ணீரைக் கொண்டுவருகிறது. மிக்சர் பக்கத்தில் நிற்கும் சித்தாள் வழக்கமான அளவையே ஊற்றினால் 30 லிட்டர் 34 ஆகிவிடும். கலவை கொஞ்சம் இளகலாக, வேலைக்கு வசதியாக இருப்பதால் யாரும் குறை சொல்வதில்லை. கூடுதல் தண்ணீர் பின்னால் ஆவியாகி, கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுச் செல்லும், வலுவும் அந்த அளவு குறையும். மழைக்காலத்தில் கட்டிய கட்டடம் பலவீனமானது என்ற பேச்சுக்கு வானத்தைவிட இந்த நான்கு லிட்டரே அதிகக் காரணம் என்று தோன்றுகிறது.

ஈர மணலுக்கு வேறொரு குணமும் உண்டு. ஐந்தாறு சதவீத ஈரத்தில் துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் உருவாகி, மணல் உப்பிக்கொள்ளும். கால் பங்குவரைகூட உப்பலாம். பெட்டியால் அளக்கிறவர்கள் பெட்டி நிறைந்ததாக நினைப்பார்கள், உள்ளே மணல் குறைவாக இருக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலை வைத்தே இதைச் சோதிக்கலாம். ஈர மணலை அழுத்தாமல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி, மேலே தண்ணீர் நிற்கும்வரை ஊற்றிக் கலக்கிவிட வேண்டும். மணல் 16 சென்டிமீட்டருக்கு இறங்கினால் அது 25 சதவீதம் உப்பியிருந்தது என்று பொருள். அன்றைக்கு மணலைக் கால் பங்கு கூட்டி அளக்க வேண்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். குவியலைச் சற்று மேடான இடத்தில் கொட்டி, தார்ப்பாய் போட்டு, அடிப்பகுதியில் நீர் ஊறி நிற்கும் மணலைத் தொடாமல் மேலிருந்து எடுத்தால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சிமென்ட்டுக்கு ஈரமான காற்றே போதும் கெடுவதற்கு. மூட்டைகளைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் பலகைமேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கி, அடுக்கு முழுவதையும் பாலிதீன் விரிப்பால் மூட வேண்டும். முதலில் வந்தது முதலில் போகட்டும். விரல்களால் நசுக்கினால் உடையாத கட்டி இருக்கும் மூட்டையைத் தளத்துக்கு எடுக்கக் கூடாது.

இனி தளம் போடும் நாளுக்கு வருவோம். ஆயிரம் சதுர அடி, ஐந்தங்குல கனம். கான்கிரீட் ஏறக்குறைய 11.8 கன மீட்டர், அதற்குள் போகும் தண்ணீர் சுமார் 2,100 லிட்டர். கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போது அரைமணி நேரத்தில் 20 மில்லிமீட்டர் மழை கொட்டினால், அந்தத் தளத்தின் மேல் விழுவது 1,860 லிட்டர். முழுத் தளத்துக்கும் கலந்த தண்ணீருக்குக் கிட்டத்தட்ட இணையான அளவு! அதில் பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும், ஓடும்போது மேற்பரப்பின் சிமென்ட்டையும் அள்ளிக்கொண்டு போகும்.

வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் பெரும்பாலும் பின்னிரவிலும் அதிகாலையிலும் வலுக்கிறது. ஆகவே காலையில் ரேடார் படத்தைப் பார்த்து, வானம் தெளிந்ததும் தொடங்கி, மதியத்துக்குள் முடிப்பது நல்லது. தொடங்கும்முன் இரண்டு இடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒன்று, பீம் பெட்டிகளின் அடி. இரவு மழையில் தேங்கிய தண்ணீரும் மண்ணும் அங்கே கிடக்கும், ஒரு பலகையைத் தளர்த்தி வடித்துக் கழுவ வேண்டும். மற்றொன்று, சென்ட்ரிங் முட்டுகளின் கால்கள். நிரப்பிய மண்மேல் நிற்கும் சவுக்குக் கட்டைகள், மண் ஊறியதும் அமிழும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே அகலமான பலகை இல்லையென்றால் கான்கிரீட் ஏற்றவே கூடாது. ஈரக் கான்கிரீட்டோடு சென்ட்ரிங் சரிந்தால் கீழே நிற்பவர்கள் தப்புவது கடினம்.

பாதித் தளம் போட்டபின் தூறல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தூறலால் பெரிய கேடில்லை, வேலையை நிறுத்தத் தேவையில்லை. தூறல் வலுத்து, மேற்பரப்பில் தண்ணீர் குட்டையாகத் தேங்கத் தொடங்கினால் நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதுதான் முக்கியம். ஆட்கள் நின்ற இடத்தில், சரிவாக விட்டுவிட்டு இறங்கக் கூடாது. இரு பீம்களுக்கு இடைப்பட்ட தளத்தின் நடுப்பகுதியில், கம்பிகளுக்குக் காடி வெட்டிய பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, அதுவரை கான்கிரீட்டை நிரப்பி வைப்ரேட்டர் போட்டு முடிக்க வேண்டும். வெட்டு விசை குறைவாக இருக்கும் இடம் அது. மறுநாள் அந்த முகத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, பாலாடையைப் போக்கி, கழுவி, சிமென்ட் குழம்பு பூசி வேலையைத் தொடரலாம்.

போட்டு முடித்த பகுதிக்குத் தார்ப்பாய். அதை நேரடியாகக் கான்கிரீட்மேல் விரித்தால் மடிப்புகளில் தண்ணீர் தேங்கி மேற்பரப்பைக் குழிக்கும். மூங்கிலாலோ சவுக்காலோ முழங்கால் உயரச் சட்டம் முன்பே தயாராக இருந்தால், அதன்மேல் இழுத்துக் கட்டி, தண்ணீர் தளத்துக்கு வெளியே விழும்படி சரிவு கொடுத்துவிடலாம். மழை வந்தபின் சட்டம் தேடினால் நேரம் போதாது.

மழை விட்டதும் பல இடங்களில் நடப்பது இது: நனைந்த பரப்பில் சிமென்ட் தூளைத் தூவி, கரணையால் தேய்த்து வழவழப்பாக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். தூவிய சிமென்ட் மெல்லிய தோலாக இறுகி, சுருங்கி, வலைபோல விரிசல் விட்டு உரியும். அதன் கீழே சிமென்ட் கரைந்த கான்கிரீட் அப்படியே கிடக்கும். தேங்கிய நீரை மட்டப்பலகையால் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றி, கரைந்து மேலே நிற்கும் குழம்பையும் வழித்தெடுத்துவிட்டு, இன்னும் இளகலாக இருந்தால் அதே விகிதப் புதுக் கலவையை இட்டு மட்டம் செய்வதே சரியான வழி. விரல் பதியாத அளவுக்கு இறுகிய பின் வரும் மழை தளத்தைக் கெடுக்காது. ஏழெட்டு மணி நேரம் கடந்துவிட்டால் அது நீராற்றலுக்கே உதவும்.

பாதிப்பு இருக்கிறதா என்பதை மறுநாளே ஓரளவு அறியலாம். மழை தொட்ட இடத்தையும் தார்ப்பாய்க்குக் கீழ் இருந்த இடத்தையும் ஒரே ஆணியால் கீறிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மணல் மணலாக உதிர்ந்து, ஜல்லி முகம் காட்டினால் சந்தேகப்பட வேண்டியதுதான். இங்கே வார்ப்புக் கட்டிகளின் சோதனை முடிவைக் காட்டி சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்தக் கட்டிகள் மழைக்கு முன் நிரப்பி, நிழலில் வைத்தவை. நனைந்த தளத்தைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. தளத்திலிருந்தே உருளையாகத் துளைத்தெடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். ஐஎஸ் 456இன்படி அவற்றின் சராசரி வலு, அந்த வயதில் அந்தத் தரத்துக்கு உரிய கட்டி வலுவில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்த ஓர் உருளையும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம்20க்கு அது 17, 15 நியூட்டன். அதற்குக் கீழே வந்தால், அடுத்த மாடிச் சுவரை எழுப்பும் முன் கட்டமைப்புப் பொறியாளர் தளத்துக்கு நேரில் வந்து பார்க்க வேண்டும்.