மூன்று நிமிடப் பேச்சு

எங்கள் வங்கிக் கிளையின் தலைமைக் காசாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மாரடைப்பில் போய்விட்டார். புதன்கிழமை மாலை, கவுன்டர் மூடிய பிறகு, கிளையிலேயே படத்திறப்பும் இரங்கல் கூட்டமும் வைப்பதென்று முடிவானது. 11 வருடம் அவருக்குப் பக்கத்துக் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். அதனால் பேசும் பொறுப்பு என் தலையில் வந்தது. மேலாளர் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் எழுதி முடித்துவிட்டேன். அன்பானவர், பண்பானவர், கடமை தவறாதவர், சிரித்த முகம், ஈடு செய்ய முடியாத இழப்பு என்று ஒரு பக்கம். எப்படி இருக்கிறது என்று எங்கள் வாட்ச்மேனிடம் வாசித்துக் காட்டினேன். பட்டாளத்தில் இருந்து வந்தவர், முகஸ்துதி தெரியாது. முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் சார் இருக்கு. போன வருஷம் ரிடையர் ஆன மேனேஜருக்கு வாசிச்சதும் இதுதானே?"

அது இல்லை. ஆனால் அதுவாகவே இருந்திருக்கலாம். பழைய தாள் என் டிராயரில்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பெயரையும் 'பணி நிறைவு' என்ற சொல்லையும் மாற்றினால் போதும், இரண்டும் ஒன்றுதான். இதைவிடச் சங்கடம் வேறு: 'சிரித்த முகம்' என்று நான் எழுதியது சுத்தப் பொய். மாலை மூன்றே முக்காலுக்கு மேல் பணம் கட்ட வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அந்த ஊரில் அவரிடம் திட்டு வாங்காத கடைக்காரர் கிடையாது. அவர்களில் பத்துப் பேராவது கூட்டத்துக்கு வருவார்கள். அந்த வரியைக் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

அலுவலக இரங்கல் கூட்டத்தின் சிக்கலே வருகிற ஆட்கள்தான். வீட்டில் நடக்கும் காரியத்துக்கு வேண்டியவர்கள் மட்டும் வருவார்கள். இங்கே முதல் வரிசையில் மனைவியும் மகளும் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் இருபது வருடம் கூட வேலை பார்த்தவர்கள். அதற்கும் பின்னால், சேர்ந்து மூன்றே வாரமான புது அதிகாரி, டீ கொண்டுவரும் பையன், வாசலில் பூ விற்கும் அம்மா. நெருக்கமானவனாக எனக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னால் பாதிப் பேருக்கு விளங்காது. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எழுதினால் என் செவ்வாய்க்கிழமைத் தாள் மாதிரி ஆகிவிடும், யாருக்கும் சேராது.

தாளைக் கிழித்துவிட்டு வாட்ச்மேனையே கேட்டேன், அவரை நினைத்தால் என்ன கண்ணில் வருகிறது என்று. 'எப்படிப்பட்டவர்' என்று கேட்டிருந்தால் 'நல்ல மனுஷன்' என்று முடித்திருப்பார். என்ன செய்வார் என்று கேட்டதால் யோசித்தார். "ஸ்ட்ராங் ரூம் பூட்டினப்புறம் கைப்பிடியை ரெண்டு தரம் இழுத்துப் பாப்பார் சார். சாவி அவர்கிட்ட ஒண்ணு, ஆபீசர்கிட்ட ஒண்ணு. ரெண்டு பேரும் பூட்டியாச்சு. ஆனாலும் இழுப்பார். அப்புறம் என்னைப் பாத்து 'சாத்தியாச்சு'ம்பார். அதைக் கேட்டாத்தான் எனக்கு டூட்டி ஆரம்பிச்ச மாதிரி."

புது அதிகாரிப் பெண் தயங்கினாள். மூன்று வாரத்தில் தனக்கு என்ன தெரியும் என்றாள். பிறகு சொன்னாள்: முதல் நாள் நோட்டு எண்ணும்போது விரலை நாக்கில் தொட்டிருக்கிறாள். அவர் ஒன்றும் பேசாமல் தன் தண்ணிப் பஞ்சுக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நோட்டு எத்தனை வாய் பாத்துச்சோ, உனக்குத் தெரியுமாம்மா?" என்றிருக்கிறார். மறுநாள் அவள் மேசையில் புதுக் கிண்ணம் இருந்தது.

பூக்கார அம்மா சொன்னதுதான் எனக்கே தெரியாதது. தமிழ்நாட்டில் 10 ரூபாய் நாணயத்தை யாரும் வாங்காமல் அலைக்கழித்தது நினைவிருக்கும். 14 வடிவங்களில் வந்த அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும் கடைகளில் மறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பூக்கார அம்மாவிடம் மட்டும் நாணயம் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. மாதம் ஒருமுறை மஞ்சள் பையோடு வருவார். காசாளர் பத்துப் பத்தாக அடுக்கி, அடுக்குகளின் மேல் ஸ்கேலை வைத்து உயரம் பார்ப்பார். அடுக்கு ஒன்று நூறு ரூபாய். எண்ணி முடித்துப் பணத்தைக் கொடுக்கும்போது திட்டு ஒன்றும் சேர்ந்து வருமாம்: "அடுத்த தடவை மூணு மணிக்குள்ள வரணும்."

இந்த மூன்றும் போதும் என்று தோன்றியது. மூன்றிலும் அவர் கை இருக்கிறது. அவரை ஒரே ஒரு தடவை கவுன்டரில் பார்த்தவர்கூட அந்தக் கையை அடையாளம் கண்டுகொள்வார்.

என்னிடம் இதைவிடப் பெரிய கதை ஒன்று இருந்தது. 2016 நவம்பர். 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று 8ஆம் தேதி இரவு அறிவித்து, 9ஆம் தேதி வங்கிக்கு விடுமுறை விட்டு, 10ஆம் தேதி காலை கதவைத் திறந்தபோது வரிசை தெருமுனை தாண்டி நின்றது. சனி, ஞாயிறும் வேலை. அந்த வாரத்தில் ஒருநாள் கணக்கு முடிக்கும்போது அவர் கையிருப்பில் பணம் குறைந்தது. காசாளரிடம் குறைந்தால் காசாளர்தான் கட்ட வேண்டும். எப்படிக் கட்டினார், யாரிடம் வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். அந்த இரவு பதினொரு மணிக்குப் பொட்டலத்து இட்லியைப் பிரித்தபடி அவர் என்னிடம் பேசியதுதான் எங்கள் நட்பின் தொடக்கம். எழுத உட்கார்ந்தால் கை தானாக அங்கேதான் போகிறது.

அதை எடுத்துவிட்டேன். அந்தக் கடன் அவர் மனைவிக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தால் முதல் வரிசையில், ஐம்பது பேர் நடுவில் உட்கார்ந்து அவர் அதைக் கேட்க நேரும். இன்னொன்று, அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல அதில் நான் பெரியவனாகிக்கொண்டே வந்தேன். அவர் என்னிடம் மனம் திறந்தார், என்னை நம்பினார், என்னிடம் சொன்னார். எழுதிய பக்கத்தில் 'நான்', 'என்னிடம்', 'எனக்கு' வந்த இடங்களைப் பேனாவால் சுழித்துப் பார்த்தேன். ஏழு சுழி. யாருக்கு இரங்கல் என்றே குழம்பிப்போகும். அந்த நவம்பரிலிருந்து ஊரே பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டேன்: அந்த நாட்களில் அவர் மூன்றே முக்கால் கெடுவைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை.

(சங்க இலக்கியத்தில் கையறுநிலைப் பாடல்களைப் படித்தவர்களுக்குப் பாரி மகளிர் பாட்டு நினைவு வரலாம். ஊருக்கே தெரிந்த கொடை வள்ளலின் பெண்கள் அந்தப் பாட்டில் அப்பாவின் கொடையைப் பற்றிப் பேசவே இல்லை. போன மாத நிலவில் அப்பாவும் குன்றும் இருந்ததையும், இந்த மாத நிலவில் இரண்டும் இல்லாததையும் சொல்கிறார்கள், அவ்வளவுதான். பாரியைப் பார்த்தே இராத நமக்கும் அது புரிகிறது.)

அன்று மாலையே காசாளரின் மகளுக்குப் போன் செய்தேன். பெயரின் இனிஷியல், பணியில் சேர்ந்த ஆண்டு, ஊர்ப் பெயர் மூன்றையும் அவள் வாயால் கேட்டு எழுதிக்கொண்டேன். முன்பு ஒரு கூட்டத்தில் ஃப்ளெக்ஸில் இனிஷியலைத் தப்பாக அச்சடித்து, வீட்டார் கூட்டம் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. அப்பாவின் கோபத்தைப் பற்றி ஒரு வரி சொல்லலாமா என்றும் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "சொல்லுங்க அங்கிள், இல்லேன்னா அம்மா வேற யாரையோ சொல்றீங்கன்னு நெனச்சுக்கும்." கடைசி நாள் எப்படி நடந்தது, எந்த மருத்துவமனை, எத்தனை மணி என்பதெல்லாம் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். இரண்டு நாளாக வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். 'இறைவனடி சேர்ந்தார்' என்ற சொல்லையும் எடுத்தேன். அவர் கோயில் பக்கம் போகாதவர்.

பேசியது இதுதான்:

"எல்லாருக்கும் வணக்கம். இங்க இருக்கிறவங்கள்ல பாதிப் பேராவது சார்கிட்ட திட்டு வாங்கியிருப்போம். மூணே முக்காலுக்கு மேல வந்திருந்தா கண்டிப்பா வாங்கியிருப்போம். ஆனா அதே மனுஷன், ஊரே வேண்டாம்னு தள்ளின பத்து ரூபாய்க் காசை மாசாமாசம் எண்ணி வாங்கினார். பத்துப் பத்தா அடுக்கி, ஸ்கேலை மேல வச்சுப் பாப்பார். 2016 நவம்பர்ல தெருமுனை வரைக்கும் கூட்டம் நின்னப்ப மணி ஆச்சுன்னு ஒருத்தரையும் திருப்பி அனுப்பல. மூணு வாரத்துக்கு முன்னாடி சேர்ந்த எங்க ஆபீசருக்கு, நோட்டு எண்ண ஒரு தண்ணிப் பஞ்சு வாங்கிக் குடுத்தார். சாயங்காலம் ஸ்ட்ராங் ரூமைப் பூட்டினதுக்கு அப்புறமும் கைப்பிடியை ரெண்டு தரம் இழுத்துப் பாத்துட்டு, வாட்ச்மேன்கிட்ட 'சாத்தியாச்சு'ன்னு சொல்லிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். 29 வருஷம் இந்த வேலையில இருந்தார். அவரை எங்களுக்குக் குடுத்துட்டு, ராத்திரி சாப்பாட்டை மூடி வச்சுக் காத்திருந்த வீட்டுக்கு எங்க எல்லாரோட நன்றி."

நிதானமாகப் பேசியும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு வந்தது, முதலில் சிரித்தது அவர் மனைவிதான். 'சாத்தியாச்சு' என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அடைக்கும் என்று தெரிந்தே அந்த வரிக்குக் கீழே பெரிய எழுத்தில் 'தண்ணீர்' என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். தாளைக் கையில் வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை. மனப்பாடம் செய்து வந்து நடுவில் மறந்துபோய் நிற்கிறவரைப் பார்த்தால் துக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பதற்றமும் சேர்ந்துகொள்ளும்.

கூட்டத்தில் ஒரு குறை இருந்தது. ஒரு நிமிட மௌனம் என்றார்கள், கடிகாரத்தைப் பார்த்தேன், 25 விநாடியில் யாரோ இருமியதும் 'நன்றி, அமரலாம்' என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு நிமிடம் நிற்க நேரமில்லை என்றால் அறிவிக்காமலே இருக்கலாம். கடைசியில் அவர் மனைவியிடம் மைக்கை நீட்டவும் ஒருவர் எழுந்தார். மகள் தலையசைத்ததைப் பார்த்து மேலாளர் அவரை உட்காரச் சொன்னார். அது மேலாளர் செய்த நல்ல காரியம்.

எல்லோரும் கலைந்த பிறகு பூக்கார அம்மா என்னிடம் வந்து, அந்த ஸ்கேல் சங்கதியை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். அவரே சொன்னதுதான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

அன்று இரவு ஸ்ட்ராங் ரூமைப் பூட்டியது நானும் புது அதிகாரியும். கைப்பிடியை அவள்தான் இழுத்துப் பார்த்தாள், இரண்டு தரம். டிராயரில் இருந்த பழைய தாளைக் கிழித்துப் போட்டேன். இனி யாருக்குப் பேச நேர்ந்தாலும் முதலில் வாட்ச்மேனிடம்தான் போய்க் கேட்பேன்.