கடன் அறிவிப்பில் ஒளிந்திருக்கும் வட்டி விகிதம்

ஜோர்ஜ்டவுனில் விளக்குக் கம்பத்தில் ஒட்டிய ஒரு கடன் அறிவிப்பின் படம் கேள்வித்தாளில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்க: ‘ஈடு வேண்டாம். 5,000 ரிங்கிட் வாங்கி, 10 மாதம் கழித்து 6,000 ரிங்கிட் கட்டினால் போதும்.’ தனிவட்டி விகிதம் என்ன?

I = Prt என்று எழுதியதுமே பலர் 6,000ஐ I இடத்தில் போட்டுவிடுவார்கள். அது முதலும் வட்டியும் சேர்ந்த தொகை. முதலைக் கழித்தால் 1,000, அதுதான் வட்டி.

அடுத்தது காலம். t = 10 என்று போட்டால் 2% வரும்; அது மாத வட்டி. ஆண்டு விகிதத்துக்கு t = 10/12.

r = 1,000 ÷ (5,000 × 10/12) = 0.24

அதாவது ஆண்டுக்கு 24%. மலேசியாவின் 1951 வட்டிக்கடைச் சட்டப்படி, ஈடில்லாத கடனுக்கு உரிமம் பெற்றவர்கூட ஆண்டுக்கு 18%க்கு மேல் வாங்கக்கூடாது. ‘மாசம் ரெண்டு வட்டிதானே’ என்று சொல்லும்போது இது கண்ணில் படாது.

திருப்பியும் கேட்கலாம்: 18% விகிதத்தில் அதே 1,000 ரிங்கிட் வட்டி சேர எவ்வளவு காலம்?

t = 1,000 ÷ (5,000 × 0.18) = 1.11

இதை 1 ஆண்டு 11 மாதம் என்று எழுதிவிடாதீங்க. 0.11ஐ 12ஆல் பெருக்கணும்: 1 ஆண்டும் ஏறக்குறைய 1⅓ மாதமும்.

மாதத் தவணை என்று அறிவிப்பு சொன்னால் இந்த வழி பொருந்தாது. கையிலிருக்கும் கடன் மாதாமாதம் குறைவதால், உண்மையான விகிதம் 24%ஐவிடக் கூடுதல்.