ரிப்போர்ட் படிப்போம் – 9: 11.4-க்கு அடுத்து 109

கோவையிலிருந்து மான்செஸ்டருக்குக் குடிபோன ஒரு கர்ப்பிணியை வைத்துக்கொள்வோம். பதினோராவது வாரத்தில் கோவை லேப் சொன்ன ஹீமோகுளோபின் 11.4. இருபத்திரண்டாவது வாரத்தில் மான்செஸ்டரில் எடுத்தது 109. ஏறியதா, இறங்கியதா?

எண்ணை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் பொடியாக இருக்கும் அலகைப் பாருங்கள். நம் ஊரில் g/dL. அதாவது 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம். பிரிட்டனும் முன்பு அப்படித்தான் எழுதியது. 2013-இல் g/L-க்கு, அதாவது லிட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்குக்கு மாறியது. ஒரு லிட்டரில் பத்து டெசிலிட்டர். ஆகவே கோவை எண்ணைப் பத்தால் பெருக்கினால் 114. இறக்கம் வெறும் 5. நம் கணக்கில் 0.5.

இந்த இறக்கம் எதிர்பார்த்ததுதான். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட வேகமாகப் பெருகுவதால் ரத்தம் சற்று நீர்த்துப்போகும். அதனால்தான் பிரிட்டனில் முதல் மூன்று மாதங்களுக்கு 110-க்குக் கீழே, அதன் பிறகு 105-க்குக் கீழே என்றால்தான் ரத்தசோகை என்கிறார்கள். இரண்டு முறையும் இவர் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறார். ஆனால் ரிப்போர்ட்டில் கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கான வரம்பு அச்சாகியிருந்தால், 109 பக்கத்தில் ‘குறைவு’ என்ற குறி விழும். எண்ணை மாற்றுகிறவர்கள் வரம்பைக் கவனிக்காமல் விடுவதுதான் பாதிக் கலவரத்துக்குக் காரணம்.

பழைய ரிப்போர்ட்டை அங்கே பதியும்போது 11.4 என்றே g/L கட்டத்தில் போட்டுவிடுவதும் நடக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, அதே தாளில் உள்ள ஹெமடோகிரிட். கோவையில் அது 34.2 சதவீதம், மான்செஸ்டர் பாணியில் 0.342. லிட்டர் கணக்கு ஹீமோகுளோபினை இதால் வகுத்தால் பெரும்பாலும் 320-க்கும் 360-க்கும் நடுவே வரும். 114-ஐ வகுத்தால் 333, சரி. 11.4-ஐ வகுத்தால் 33; புள்ளி தப்பிவிட்டது.

பத்தால் பெருக்கவே கூடாத இடமும் உண்டு. நெதர்லாந்து, டென்மார்க் ரிப்போர்ட்டுகளில் அலகு mmol/L. அங்கே 7.1 என்று வந்தால் நம் ஊர்க் கண்ணுக்குக் கடும் ரத்தசோகை. உண்மையில் அது 1.61-ஆல் பெருக்க வேண்டிய எண்: நம் கணக்கில் 11.4, பிரிட்டன் கணக்கில் 114.